இட்லிப் பானையில் வேகும் பிறந்தநாள் கேக்

"முட்டை போடாத கேக் இருக்கிறதா?" என்று கேட்டால், இன்று தமிழ்நாட்டில் சிறிய ஊர் பேக்கரியில்கூடத் தயங்காமல் கண்ணாடிப் பெட்டியைக் காட்டுவார்கள். "பாலும் இருக்கக் கூடாது" என்று சேர்த்துச் சொன்னால்தான் கடைக்காரர் யோசிக்க ஆரம்பிப்பார். காரணம் எளிது. முட்டையை எடுத்துவிட்ட கேக்கில் அந்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும் பால்தான். மாவைக் கட்டிப்பிடிக்கக் கண்டென்ஸ்டு மில்க்கோ தயிரோ, மென்மைக்கு வெண்ணெய், மேலே பூச கிரீம் என்று முட்டையில்லாத கேக் வழக்கமான கேக்கைவிடப் பால் மிகுந்ததாகவே இருக்கிறது.

இது சிலருக்கு விருப்பம் சார்ந்த விஷயம், சிலருக்கு உடல் சார்ந்தது. பால் குடித்தால் வயிறு உப்பி, கலக்கிப் போகும் குழந்தைகள் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை அவர்களுக்குச் செரிப்பதில்லை. ஒரு சிறு துண்டு கேக்கால் அவர்களில் பலருக்குப் பெரிய தொல்லை வராது. பால் ஒவ்வாமை அப்படிப்பட்டதல்ல. அங்கே உடல் எதிர்ப்பது பாலின் புரதத்தை. ஒவ்வாமை கடுமையாக உள்ள குழந்தைக்குச் சொட்டு நெய் தடவிய தட்டுகூட ஆபத்தாகலாம். நெய்யில் புரதம் மிகக் குறைவு என்றாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் அந்தக் குழந்தையின் பிறந்தநாளுக்குப் "பால் கொஞ்சம்தான் போட்டிருக்கிறோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த வீடுகளில் பல கேக் ஆசையைக் கைவிடுவது வேறொரு காரணத்தால். அவன் இல்லை. கேஸ் அடுப்பும் மிக்ஸியும் குக்கரும் இருக்கும் சமையலறையில் கேக் எப்படி வரும் என்று கேட்பார்கள். கேக் வேகும் முறையைக் கொஞ்சம் கவனித்தால் அவனின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது என்று தெரியும்.

அவனுக்குள் 180 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும். கேக்கின் நடுப்பகுதியோ வெந்து முடியும்போதும் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. மாவில் தண்ணீர் இருக்கும்வரை அதற்கு மேல் சூடேறாது. மைதாவின் ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் கெட்டியாவதற்கு அந்தச் சூடு தாராளமாகப் போதும். சர்க்கரை சேரும்போது ஸ்டார்ச் கெட்டியாகும் சூடு கொஞ்சம் உயரும். அப்போதும் 100-க்குக் கீழேதான் இருக்கும். அப்படியானால் மீதி 80 டிகிரி எதற்கு? மேல்தோல் பழுப்பாகிப் பொன்னிறமும் வறுத்த மணமும் வருவதற்கு. பாலும் வெண்ணெயும் முட்டையும் இருக்கும் கேக்கில் அந்தத் தோல் முக்கியம்தான். கோகோ சேர்த்துக் கறுப்பாக இருக்கும் கேக்கில், அதுவும் மேலே சாக்லேட் பூச்சு பூசப்போகிற கேக்கில், தோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆகவே ஆவியிலேயே கேக் வேகும். இட்லிப் பானை போதும்.

அவன் இல்லாத வீடுகளில் பரவலாகச் செய்வது குக்கர் கேக். குக்கரில் தண்ணீர் ஊற்றாமல், அடியில் உப்போ மணலோ பரப்பி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, காய்ந்த சூட்டில் வேகவைப்பார்கள். கேக் நன்றாகவே வரும், தோலும் கிடைக்கும். ஆனால் குக்கர் தண்ணீரோடு பயன்படுத்தச் செய்யப்பட்ட பாத்திரம். அதன் மூடியில் உள்ள சேஃப்டி வால்வு பலவற்றில், அளவுக்கு மீறிச் சூடானால் உருகிவிடும்படி செய்த உலோகக் கலவையால் ஆனது. தண்ணீர் இல்லாமல் முக்கால் மணி நேரம் சூடாக்கினால் வால்வு பழுதாகலாம், அடிப்பாகம் வளையலாம். இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் வெறும் பாத்திரம் சூடேறியதும் அடுப்பே அணைந்துவிடவும் கூடும். காய்ந்த சூடுதான் வேண்டும் என்பவர்களுக்குப் பழைய அடிகனமான அலுமினியப் பாத்திரமும் அதற்குப் பொருந்தும் மூடியும் குக்கரைவிட நல்லது. அதைவிட எளியது இட்லிப் பானை. அங்கே தீய்ந்துபோக வழியே இல்லை, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முட்டையும் பாலும் வெண்ணெயும் இல்லாமல் கேக் செய்யும் முறை புதிதல்ல. அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தத்தையும் அடுத்து வந்த இரண்டாம் உலகப்போர்க் காலப் பங்கீட்டையும் சமாளித்த குடும்பங்கள் 'வாக்கி கேக்' என்ற ஒன்றைச் செய்துவந்தன. மைதா, சர்க்கரை, கோகோ, சமையல் சோடா, எண்ணெய், வினிகர், தண்ணீர் ஆகியவைதான் அதில் இருப்பவை. சோடாவும் வினிகரும் சேர்ந்தால் கரியமில வாயு வெளியாகும். முட்டை நுரை செய்யும் வேலையை அந்தக் குமிழிகள் செய்கின்றன. கேக்கைத் தாங்கி நிறுத்துவது மைதாவின் பசைத்தன்மையும் வெந்த ஸ்டார்ச்சும். நம் வீட்டுக்கு இந்த முறை பொருந்திப் போவதற்குக் காரணம், இதில் எதையும் அடித்து நுரைக்க வைக்க வேண்டியதில்லை. பீட்டரும் வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏழு வயதுக் குழந்தையின் பிறந்தநாளை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்குப் பாலும் முட்டையும் ஆகாது. தெருப் பிள்ளைகளும் பள்ளித் தோழர்களுமாகப் பதினைந்து பேர் வருகிறார்கள், கூடவே பெரியவர்கள். ஏழு அங்குல வட்டக் கேக் இரண்டைச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லோருக்கும் போதும்.

ஒரு கேக்குக்கான அளவு இது. மைதா 190 கிராம், பொடித்த சர்க்கரை 180 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், ஆப்பசோடா தலைதட்டி முக்கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவை காய்ந்த பொருள்கள். வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் 80 மில்லி, தண்ணீர் 220 மில்லி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, வனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி. இவை ஈரப் பொருள்கள். வினிகர் இல்லையென்றால் அதே அளவு எலுமிச்சைச் சாறு ஊற்றலாம், புளிப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. கோதுமை மாவில் செய்ய விரும்பினால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் கூடுதலாகும். கேக்கும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் மணம் நன்றாக இருக்கும், ஆனால் பிரிட்ஜில் வைத்ததும் கேக் விறைத்துவிடும். கடலை எண்ணெயைப் பொறுத்தவரை, வருகிற குழந்தைகளில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் வேலை மாவைக் கலப்பதல்ல, பானையில் தண்ணீர் கொதிக்க வைப்பது. இந்த வரிசையை மாற்றிவிடுவதால்தான் பல கேக்குகள் கெட்டுப்போகின்றன. வினிகர் சோடாவைத் தொட்ட நொடியில் வாயு வெளியேறத் தொடங்கிவிடும், சில நிமிடங்களில் அதன் வேகம் அடங்கிவிடும். மாவைக் கலந்து வைத்துவிட்டு, "தண்ணீர் கொதிக்கட்டும்" என்று காத்திருந்தால் குமிழிகள் எல்லாம் மேலே வந்து உடைந்துபோகும். கேக் அடியில் கொழுக்கட்டை மாவுபோல் ஒரு பட்டை படியும்.

டின்னின் உள்ளே எண்ணெய் தடவி, அடியில் வட்டமாக வெட்டிய தாளை வைக்க வேண்டும். டின்னைச் சுற்றிப் பானையின் உட்சுவருக்கும் டின்னுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் ஆவி மேலே ஏறாது. டின் மூன்று அங்குல உயரம் இருந்தால் நல்லது. மாவு அதில் பாதியைத் தாண்டக் கூடாது. காய்ந்த பொருள்களை இரண்டு முறை சலிக்க வேண்டும். சோடா கட்டியாக எங்காவது தங்கினால் கேக்கை வெட்டும்போது மஞ்சள் கலந்த பழுப்புப் புள்ளி தெரியும், அந்த இடத்தில் கடித்தால் சோப்பு வாசனை அடிக்கும். சோடாவின் அளவு கூடினாலும் அதே சோப்பு வாசனை கேக் முழுதும் வந்துவிடும். அவனுக்கான குறிப்புகள் ஒரு தேக்கரண்டி சோடா சொல்வது வழக்கம். ஆவியில் வேகும் கேக்கில் அதை முக்காலாகக் குறைப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, வினிகரைத் தவிர மற்ற ஈரப் பொருள்களைக் காய்ந்த மாவில் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். கடைசியில் வினிகர். ஊற்றியதும் கரண்டியால் இருபது சுற்றுக்குள் கலந்து டின்னில் ஊற்றிவிட வேண்டும். மாவு மினுமினுவென்று வழவழப்பாகும்வரை கிண்டிக்கொண்டே இருப்பது நல்லெண்ணத்தில் செய்கிற தவறு. கிண்டக் கிண்ட மைதா ரப்பராகும், வெந்த கேக்கில் மேல்நோக்கி ஓடும் நீளமான துளைகள் விழும்.

அடுத்தது ஆவி செய்யும் குறும்பு. மூடியில் படியும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கேக்கின் தலையில் விழுந்தால் மேற்பரப்பு பளபளப்பாகவும் பிசுபிசுப்பாகவும் மாறிவிடும். பானை மூடியின் உட்புறத்தை இட்லித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டால் தண்ணீரைத் துணி குடித்துவிடும். துணியின் முனைகளை மேலே தூக்கி முடிச்சுப் போட வேண்டும், தீயில் படக் கூடாது. டின்னின் வாயைப் படலத்தாளால் தளர்வாக மூடினாலும் சரி, உப்பி எழக் கொஞ்சம் இடம் விட்டு மூட வேண்டும்.

தீ மிதமாக எரியட்டும். தண்ணீர் பயங்கரமாகக் கொதித்தால் கேக் அவசரமாக எழும்பி நடுவில் வெடிக்கும். 25 நிமிடத்துக்கு முன் மூடியைத் திறக்கவே கூடாது, பாதி வெந்த கேக் திடீர்க் காற்றில் அமுங்கிப்போகும். 35 நிமிடத்தில் ஒரு குச்சியை நடுவில் குத்திப் பார்க்கலாம். குச்சியில் ஈர மாவு ஒட்டாமல், ஓரிரு துகள் மட்டும் ஒட்டினால் போதும். ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். பானையில் தண்ணீர் வற்றியிருந்தால் கொதிக்கும் தண்ணீரைத்தான் சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்றுவிடும். வெந்ததும் பத்து நிமிடம் டின்னிலேயே ஆறவிட்டு, ஓரத்தில் கத்தியை ஓட்டிக் கவிழ்த்தால் வந்துவிடும்.

இரண்டாவது கேக்குக்கான மாவை முதலிலேயே கலந்து வைக்கக் கூடாது என்பது இப்போது தெரிந்திருக்கும். காய்ந்த பொருள்களை இரண்டு பாத்திரங்களில் சலித்து வைத்துக்கொள்ளலாம், தண்ணீரும் வினிகரும் முதல் கேக் இறங்கிய பிறகுதான். சனிக்கிழமை இரவே இரண்டையும் வேகவைத்து, முழுக்க ஆறிய பின் சுற்றி வைத்துவிட்டால் மறுநாள் வெட்டவும் பூசவும் வசதி. எண்ணெய் சேர்த்த கேக் என்பதால் மறுநாளும் காய்ந்துபோகாது.

கோகோ இல்லாத வனிலா கேக்குக்கும் இதே முறைதான், ஆனால் கொஞ்சம் திருத்தம் வேண்டும். கோகோவில் இயல்பாக உள்ள புளிப்பு சோடாவின் ஒரு பகுதியைச் சமன்செய்துவிடுகிறது. அதன் கருமை மீதியை மறைத்துவிடுகிறது. வனிலாவில் இரண்டும் கிடையாது. கோகோவை எடுத்துவிட்டு அதே எடைக்கு மைதா சேர்க்க வேண்டும். சோடாவைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி சேர்த்தால் நிறமும் வாசனையும் சரியாக வரும். இருந்தாலும் முதல்முறை செய்பவர் கோகோவில் தொடங்குவதுதான் நல்லது, சிறு பிழைகள் அதில் வெளியே தெரியாது.

கேக்கைவிட ஏமாற்றம் அதிகம் நடக்குமிடம் அதன் அலங்காரம். கடையில் 'நான்-டெய்ரி' என்று எழுதி விற்கும் விப்பிங் கிரீமை நம்பி வாங்குபவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் சோடியம் கேசினேட் சேர்த்திருப்பார்கள். அது பாலிலிருந்து எடுக்கிற புரதம். பால் கொழுப்பு இல்லை என்பதற்காக அந்தப் பெயரே தவிர, பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது பால்தான். தேங்காய்ப்பால் பொடிகள் சிலவற்றிலும் இதே கேசினேட் இருக்கிறது, யாரும் எதிர்பார்க்காத இடம் அது. சாக்லேட் கட்டிகளில் பால் திடப்பொருள், வண்ண மிட்டாய்களுக்குள் பால் சாக்லேட், குளிர்பானப் பொடிகளில் வே பவுடர் என்று பால் பல பெயர்களில் ஒளிந்திருக்கும். பாக்கெட்டில் உள்ள பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்லும். பால் இருந்தாலும் அந்தப் புள்ளி வரும். பாலும் இல்லை என்பதைக் காட்ட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வீகன் உணவுக்கான விதிகளைக் கொண்டுவந்து தனிச் சின்னம் ஒன்றை அறிவித்தது. ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதனால் பொருள் பட்டியலின் கீழே இருக்கும் 'ஒவ்வாமைத் தகவல்' வரியை முதலில் படிப்பது நேரம் மிச்சம். ஒவ்வாமை கடுமையாக உள்ள குழந்தைக்குப் புதிய பொருள் எதையும் பிறந்தநாளன்று முதன்முறையாகத் தர வேண்டாம்.

பால் கிரீமுக்குப் பதில் தேங்காய்க் கிரீமை அடித்து நுரைக்க வைக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். குளிர்நாட்டில் அது அழகாக நிற்கும். தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 டிகிரியில் உருகத் தொடங்கிவிடும். சென்னையிலோ மதுரையிலோ சித்திரை மாதத்து மாலையில், மின்விசிறிக்குக் கீழே, பதினைந்து குழந்தைகள் பாட்டுப் பாடி முடிப்பதற்குள் அந்தக் கிரீம் வழிந்து தட்டில் இறங்கிவிடும். கொழுப்பின் உறுதியை நம்பாமல் ஸ்டார்ச்சின் உறுதியை நம்பும் பூச்சுதான் நம் வெயிலுக்கு ஏற்றது.

அதற்கு இரண்டு பெரிய தேங்காயைத் துருவி, மிகக் குறைவாக வெந்நீர் சேர்த்து அரைத்து, முதல் பால் மட்டும் 400 மில்லி எடுக்க வேண்டும். 40 கிராம் கோகோ, 150 கிராம் சர்க்கரை, நான்கு மேசைக்கரண்டி கார்ன் ஃப்ளோர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை ஒன்றாகக் கலந்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். அடுப்பில் வைப்பது அதன் பிறகு. சூடான பாலில் கார்ன் ஃப்ளோரைப் போட்டால் கட்டி கட்டியாகும். கை விடாமல் கிளறிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் திடீரென்று கெட்டியாகும். உடனே இறக்கிவிடாமல், குமிழி வெடித்த பிறகும் ஒரு நிமிடம் கிளற வேண்டும். அரைகுறையாக வெந்த கார்ன் ஃப்ளோர் நாக்கில் மாவு தட்டும், ஆறியதும் இளகிவிடும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கினால் பயப்பட வேண்டாம், இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு வேகமாகக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். ஆறும்போது மேலே ஏடு படியாமல் இருக்க, மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பூச்சின்மேலேயே ஒட்டினாற்போல் போட்டு வைக்கலாம்.

பூச்சும் கேக்கும் இரண்டும் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஒரு கேக்கின் மேல் மூன்றில் ஒரு பங்கைப் பரப்பி, மற்றதை அதன்மேல் வைத்து, மீதியை மேலும் பக்கங்களிலும் தடவினால் வேலை முடிந்தது. இந்தப் பூச்சில் ரோஜாப்பூ பிழிய முடியாது, அந்த ஆசை வேண்டாம். கரண்டியின் முதுகால் அலை அலையாக இழுத்துவிட்டு, மாதுளை முத்துகளையோ வறுத்த தேங்காய்த் துருவலையோ தூவினால் பார்க்க நன்றாகவே இருக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் வெளியே பல மணி நேரம் வைக்கக் கூடாது, புளித்துவிடும். ஞாயிறு மதியம் பூசி பிரிட்ஜில் வைத்துவிட்டு, வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் பதமாக இருக்கும்.

கேக்கோடு பரிமாற ஐஸ்கிரீம் கேட்பார்கள் குழந்தைகள். அந்த இடத்துக்குப் பொருத்தமானது தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது வைக்கும் கடல்பாசி. சைனா கிராஸ் என்று பாக்கெட்டில் விற்பதும் அதுவே. ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, கை சூட்டிலேயே இளகிவிடும். சைனா கிராஸ் கடல் தாவரத்திலிருந்து எடுப்பது; ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்து பாசி இதற்கான மூலப்பொருள்களில் ஒன்று. அதன் பெரிய குணம், ஏறக்குறைய 35 முதல் 40 டிகிரிக்குள் உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரி சூடு வேண்டும். பிரிட்ஜ் இல்லாமலேயே உறையும், வெயிலிலும் நிற்கும்.

பதினைந்து பேருக்கு இரண்டடுக்குக் கடல்பாசி செய்யலாம். கீழே இளநீர், மேலே தேங்காய்ப்பால். பத்து கிராம் சைனா கிராஸை அரை மணி நேரம் ஊறவைத்து, 400 மில்லி தண்ணீரில் மிதமான தீயில் கொதிக்கவிட வேண்டும். இழை ஒன்றுகூடக் கண்ணில் படாமல் கரைய ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். கரையாத இழையோடு இறக்கினால் உறையாது. உறைந்தாலும் வாயில் நார் தட்டுப்படும். 100 கிராம் சர்க்கரையைச் சேர்த்து வடிகட்டி, இரண்டு சமபாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தைச் சிறு தீயில் சூடாகவே வைத்திருக்க வேண்டும்.

மற்ற பாகத்தில் 300 மில்லி இளநீரையும் வழுக்கைத் துண்டுகளையும் சேர்க்கலாம். இளநீரைக் கொதிக்க வைத்தால் அதன் வாசனை போய்விடும், பிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற இளநீரை ஊற்றினால் சைனா கிராஸ் அந்த நொடியிலேயே திரிதிரியாக உறைந்துவிடும். வெதுவெதுப்பாக இருப்பதே அளவு. தட்டில் ஊற்றி, மேல்பக்கம் உறைந்து விரலில் லேசாக ஒட்டும் பதத்தில், மீதிச் சைனா கிராஸோடு 300 மில்லி வெதுவெதுப்பான முதல் பாலைக் கலந்து மெல்ல ஊற்ற வேண்டும். கீழடுக்கு முழுக்க ஆறி இறுகிய பிறகு ஊற்றினால் இரண்டும் ஒட்டாது, துண்டு போடும்போது வழுக்கிப் பிரியும். எலுமிச்சை, அன்னாசி போன்ற புளிப்பான சாறு சேர்ப்பதாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் சைனா கிராஸின் உறையும் சக்தி குறைந்துவிடும்.

சாக்லேட்டே வேண்டாம், மைதாவும் வேண்டாம் என்கிற வீடுகளுக்கு மலையாளக் கரையில் பழைய விடை ஒன்று இருக்கிறது. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்கள் பண்டிகைக்குச் செய்கிற வட்டயப்பம். பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, தேங்காய்த் துருவலோடு நைசாக அரைத்து, கொஞ்சம் அரிசி ரவைக் கஞ்சியும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். முன்பு ஈஸ்ட்டின் இடத்தில் கள் இருந்தது. பொங்கிய மாவில் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து வட்டத் தட்டில் ஊற்றி இருபது இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வைத்தால் வெள்ளை வெளேரென்று மெத்தென்று ஒரு கேக். முட்டை, பால், அவன் மூன்றும் இல்லாமலே தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. மெழுகுவத்தியும் அதில் உறுதியாக நிற்கும். பிள்ளைகள் சாக்லேட் கேட்டு அழுதால் அதற்கு வட்டயப்பம் பொறுப்பல்ல.

விருந்துக்குப் பாயசம் வைப்பவர்கள் பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலுமாக வைத்துவிட்டால் பால் பிரச்சினை வராது. முதல் பாலை ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். நெய்யில் முந்திரி வறுக்கும் பழக்கத்தை அன்று மறந்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் தேங்காய்ப் பல்லைச் சிவக்க வறுத்துக் கொட்டலாம். பல வீடுகளில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசி நேரத்தில் பழக்க தோஷத்தில் ஒரு கரண்டி நெய் விழுவது இந்த இடத்தில்தான். டின்னில் தடவுவதற்கும் நெய்க் கிண்ணத்தில் தோய்ந்த பிரஷ் வேண்டாம். பால் காய்ச்சிய பாத்திரம், நெய் ஏறிய மரக்கரண்டி, கேக் வெட்டும் கத்தி இவற்றையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி முதல்நாளே தனியாக எடுத்து வைப்பது நல்லது.

மிச்சமாகும் கேக்கை மூடிய டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும். பூச்சு இல்லாத துண்டு கொஞ்சம் விறைத்துப் போனால், இட்லித் தட்டில் வைத்து மூன்று நிமிடம் ஆவி காட்டினால் பழையபடி மெத்தென்று ஆகிவிடும். கடல்பாசி மறுநாள் கொஞ்சம் தண்ணீர் விடும், அதை வடித்துவிட்டுச் சாப்பிடலாம். தேங்காய்ப்பால் சேர்ந்த பாயசத்தை மட்டும் அன்றே தீர்த்துவிட வேண்டும்.